ஹால் மூலையில் டீ, காபி மேசை: இருக்கிற பிளக் பாயின்ட் தாங்குமா?

சாளரத்தோரம்

வணக்கம். எங்கள் ஹாலில் ஒரு மூலை சும்மா கிடக்கிறது. 90 செமீ அகலச் சுவர், அதை அடுத்துப் பால்கனிக் கதவு. அந்த இடத்தில் டீ, காபி போட்டுக்கொள்ள ஒரு சின்ன மேசை அமைக்க ஆசை. சமையலறையில் ஒருவர் நின்றால் இன்னொருவர் திரும்ப முடியாது, காலையில் தினமும் இடிபட வேண்டியிருக்கிறது.

யோசித்து வைத்திருப்பது இது. 70 செமீ அகலம், 40 செமீ ஆழம், 85 செமீ உயரத்தில் ஒரு ரெடிமேட் அலமாரி. அதன் மேல் கெட்டிலும் காபி மெஷினும். அதற்கும் மேலே சுவரில் ஒரு தட்டு அடித்து டீத்தூள், காபித்தூள், சர்க்கரை, கப்புகள். தரையிலிருந்து 30 செமீ உயரத்தில் சுவரில் ஒரு சாக்கெட் இருக்கிறது, அதன்மேல் 6 ஆம்பியர் என்று போட்டிருக்கிறது. கெட்டில் 1500 வாட், காபி மெஷின் 1450 வாட். நல்லதாக ஒரு எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் வாங்கி அலமாரியின் பின்பக்கம் ஒட்டிவிட்டால் போதுமா? வாடகை வீடு, சுவரை உடைக்க முடியாது. மூன்று வயதுக் குழந்தையும் இருக்கிறாள்.

வேகநடை

தாராளமாகப் போதும். 6 ஆம்பியரை 230 வோல்ட்டால் பெருக்கினால் 1380 வாட். உங்கள் கெட்டில் அதைவிடக் கொஞ்சம்தான் கூட. அதுவும் நாள் முழுக்கவா ஓடப்போகிறது? நான்கு நிமிடம், அவ்வளவுதான். இரண்டையும் ஒன்றாகப் போடாதீர்கள். ஏதாவது அதிகமானால் எம்சிபி விழுந்துவிடும், அதற்காகத்தானே அது இருக்கிறது. மனது கேட்கவில்லை என்றால் அதே பெட்டியில் 16 ஆம்பியர் சாக்கெட் மாற்றிக்கொள்ளுங்கள், பத்து நிமிட வேலை.

பித்தளைப்பின்

வேகநடை சொன்னதில் பெருக்கல் சரி. மற்றதை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். இருபது வருடமாக வயரிங் வேலை பார்க்கிறேன். கெட்டில் செருகிய சாக்கெட்டுகளைத்தான் அதிகம் கருகிப் பார்த்திருக்கிறேன், அதில் பெரும்பாலானவற்றில் எம்சிபி விழவே இல்லை.

காரணம் எளிது. எம்சிபி பார்ப்பது வயரில் ஓடும் கரண்ட் எவ்வளவு என்பதை மட்டும்தான். சாக்கெட்டுக்குள் பிளக்கின் பின்னைப் பிடித்துக்கொள்ளும் பித்தளை இதழ் நாளாக நாளாகத் தளர்ந்துவிடும். தளர்ந்த இடத்தில் ஒரு சின்ன தடை உண்டாகும். அரை ஓம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 1500 வாட் கெட்டில் இழுப்பது 6.5 ஆம்பியர். 6.5-ஐ 6.5-ஆல் பெருக்கி அரையால் பெருக்கினால் 21 வாட். ஈயம் பற்றவைக்கிற சின்ன சால்டரிங் அயர்ன் 25 வாட். கிட்டத்தட்ட அந்த அளவுச் சூடு ஒரு விரல்நுனி அகலத்தில், பிளாஸ்டிக்குக்குள்ளே. கரண்ட் இம்மியும் கூடவில்லை, ஆகவே எம்சிபிக்கு எதுவும் தெரியாது. ஆர்சிசிபி இருந்தாலும் அதற்கும் தெரியாது, அது கரண்ட் கசிவைத்தான் பார்க்கும். நான்கு நிமிடம் போதும் பிளாஸ்டிக் இளக. இளகினால் இதழ் இன்னும் தளரும், அடுத்த நாள் இன்னும் சூடு.

எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் இப்படிப்பட்ட இணைப்பு இடங்கள் இரட்டிப்பாகின்றன. சுவரில் ஒன்று, பாக்ஸில் ஒன்று. ஐந்து ஓட்டை இருக்கிறது என்பதால் ஐந்து சாமானுக்குக் கரண்ட் வராது. எல்லாம் சேர்ந்து சுவரில் இருக்கும் அந்த ஒற்றை 6 ஆம்பியர் சாக்கெட் வழியாகத்தான் வர வேண்டும்.

16 ஆம்பியர் சாக்கெட்டை அதே இடத்தில் மாற்றுவது இன்னும் மோசம். பின்னால் வருகிற வயர் பழைய வயர்தானே? அது பெரும்பாலும் 1 அல்லது 1.5 ஸ்கொயர் மில்லிமீட்டர் கனமுள்ள சன்ன வயராக இருக்கும், அதே வயரில் லைட்டும் ஃபேனும் தொங்கும். முகத்தை மட்டும் மாற்றிவிட்டால் அடுத்து வருகிறவர் அதை நம்பி இஸ்திரிப்பெட்டியும் போடுவார்.

வேகநடை

சரி, எம்சிபி விஷயம் ஒப்புக்கொள்கிறேன், அது எனக்குத் தெரியாது. ஆனால் ஒன்று கேட்கிறேன். 1500 வாட் எதற்கு? 1000 வாட் சின்ன கெட்டில் கிடைக்கிறது. அது 4.3 ஆம்பியர்தான். 6 ஆம்பியர் சாக்கெட்டுக்குள் அடங்கிவிடும், எதையும் மாற்ற வேண்டாம்.

பித்தளைப்பின்

இது நல்ல யோசனை. சாக்கெட் இறுக்கமாக இருந்தால் ஒத்துக்கொள்வேன். நேரமும் பெரிதாகப் போகாது. இரண்டு கப்புக்கு 400 மில்லி தண்ணீர், 25 டிகிரியிலிருந்து கொதிக்க 1500 வாட்டில் ஒன்றரை நிமிடத்துக்குக் கொஞ்சம் குறைவு, 1000 வாட்டில் இரண்டு நிமிடத்துக்குக் கொஞ்சம் அதிகம். கெட்டிலின் உடம்பும் சூடாக வேண்டும் என்பதால் நடைமுறையில் இரண்டிலும் இன்னும் சில வினாடி சேரும். ஒரு லிட்டர் வைப்பவர்களுக்குத்தான் வித்தியாசம் உறுத்தும்.

காபி மெஷினுக்கு இந்த வழி ஒத்துவராது. 1450 வாட்டுக்கு 6.3 ஆம்பியர். அது சமையலறையில் பெரிய சாக்கெட்டிலேயே இருக்கட்டும். அல்லது வெந்நீர் ஊற்றி அழுத்தும் கண்ணாடிக் குடுவையில் காபி போட்டுக்கொண்டால் மெஷினே வேண்டாம்.

வெயிற்குடை

தண்ணீருக்கு என்ன செய்யப் போகிறீர்கள்? எங்கள் அலுவலகத்தில் பான்ட்ரி கட்டியபோது சிங்க், வடிகால் குழாய், அதற்கு வேண்டிய சரிவு என்று பெரிய வேலையாகிவிட்டது. பால்கனி பக்கம்தானே, அங்கே வடிகால் இருக்கும். சுவரைத் துளைத்து ஒன்றரை அங்குலக் குழாய் விட்டால் சிங்க் வைத்துவிடலாம்.

சாளரத்தோரம்

சிங்க் எல்லாம் இல்லைங்க, வாடகை வீட்டில் சுவரைத் துளைத்தால் முன்பணம் போய்விடும். மூடி போட்ட ஒரு ஜாடியில் தண்ணீர் கொண்டுவந்து வைத்துக்கொள்வேன், கழுவ வேண்டிய கப்புகள் ஒரு தட்டில் சமையலறைக்குப் போகும்.

பித்தளைப்பின் அவர்களுக்கு நன்றி. அந்தச் சாக்கெட் இறுக்கமா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

பித்தளைப்பின்

பிளக்கைச் செருகும்போது ஒரு பிடிமானம் தெரிய வேண்டும். வயரின் கனத்திலேயே பிளக் சற்றுத் தொங்கினால், செருகியதும் ஆடினால், அது போய்விட்டது. அப்புறம் கெட்டிலில் அரைப்பங்கு தண்ணீர் வைத்துக் கொதிக்க விடுங்கள். அணைந்ததும் சுவிட்சை நிறுத்தி, பிளக்கை உருவி, பிளக்கின் உடம்பை உள்ளங்கையில் வைத்துப் பாருங்கள். லேசான வெதுவெதுப்பு பரவாயில்லை. வைத்திருக்க முடியவில்லை என்றால் அங்கே கெட்டில் கூடாது. பின்களையும் பாருங்கள். மூன்றில் ஒன்று மட்டும் கறுத்தோ நீலம் பூத்தோ இருந்தால் சாக்கெட்டில் அந்தப் பக்க இதழ் தளர்ந்திருக்கிறது. மீன் வாடை போல ஒரு நாற்றம், சன்னமான சடசடப்பு, இரண்டில் எது வந்தாலும் அன்றோடு நிறுத்திவிடுங்கள்.

இன்னொன்று. நீங்கள் சொன்ன சாக்கெட் 70 செமீ அலமாரிக்குப் பின்னால் போய்விடுகிறது, கவனித்தீர்களா? பின்னால் பிளக் சுவருக்கும் பலகைக்கும் நடுவில் நசுங்கும், வயர் கழுத்தில் மடியும். ஏதாவது என்றால் சுவிட்சைப் போய்த் தொட முடியாது. சுவிட்ச் எப்போதும் கை எட்டும் இடத்தில், கெட்டிலைத் தாண்டிக் கை நீட்டாமல் எட்டும் இடத்தில் இருக்க வேண்டும்.

மரத்தூள்

நான் தச்சு வேலைக்காரன், கரண்ட் பக்கம் போகமாட்டேன். அந்த மேல் தட்டு பற்றி மட்டும் சொல்கிறேன், ஏனென்றால் என் வீட்டிலேயே நான் செய்த தப்பு அது. ஊருக்கெல்லாம் செய்து கொடுத்துவிட்டு என் வீட்டுக்கு மிச்சப் பலகையில் அடித்தேன். கெட்டிலுக்கு நேர் மேலே 35 செமீ உயரத்தில் பார்ட்டிகிள் போர்டு தட்டு. மேலேயும் முன்விளிம்பிலும் லேமினேட், அடியில் வெறும் பலகை. யார் குனிந்து பார்க்கப் போகிறார்கள் என்று விட்டுவிட்டேன். நான்கு மாதத்தில் அடிப்பக்கம் ஒரு சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்கு உப்பிவிட்டது. விரலால் தேய்த்தால் தூளாக உதிர்ந்து கெட்டில் மூடிமேல் விழும். முன்விளிம்புப் பட்டையும் பிசின் விட்டு நாக்குப் போல நீட்டிக்கொண்டது.

கெட்டில் கொதித்து அணைவதற்கு முன்னால் வருகிற ஆவிதான் வேலையைக் காட்டுகிறது. சில வினாடிதான், ஆனால் தினமும் ஐந்தாறு முறை, அதே இடத்தில். ஆவி குளிர்ந்து தட்டின் அடியில் முத்து முத்தாகத் தண்ணீர் நிற்கும். கையால் தடவிப் பார்த்தாலே தெரியும்.

ஆகவே கெட்டிலுக்கு நேர் மேலே தட்டே வேண்டாம் என்பது என் கட்சி. தட்டை ஒரு பக்கமாகத் தள்ளி அடியுங்கள், கெட்டில் நிற்கும் பக்கம் சுவர் வெறுமையாக இருக்கட்டும். தட்டு வேண்டும்தான் என்றால் பிளைவுட், ஆறு பக்கமும் மூடியது. அடியில் எண்ணெய்ப் பெயின்ட்டாவது இரண்டு கை அடியுங்கள்.

கைப்பிடிக்கோப்பை

மரத்தூள் அண்ணா சொன்னதோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கெட்டிலுக்கு மேல் வைக்கும் எந்தத் தூளும் உருப்படாது. எனக்கு சர்க்கரை ஒரே பாறையாகி, கரண்டியால் குத்தி எடுத்துக்கொண்டிருந்தேன். காபித்தூளுக்கும் டீத்தூளுக்கும் ஆகாதவை சூடு, ஈரம், வெளிச்சம், காற்று. கண்ணாடி ஜாடியில் அடுக்கினால் பார்க்க அழகு, பால்கனி வெயில் பட்டால் ஒரு வாரத்தில் மணம் போய்விடும். தகர டப்பாவில் போட்டு, அலமாரியின் டிராயரில், கெட்டில் இல்லாத பக்கம் வையுங்கள். இரண்டு வாரத்துக்கு வேண்டியது மட்டும் இங்கே, மிச்சம் சமையலறையில்.

சக்கரவண்டி

எதற்கு இவ்வளவு? மூன்றடுக்கு டிராலி ஒன்று வாங்குங்கள். சக்கரம் இருக்கும், எந்தப் பாயின்ட் நல்லதோ அங்கே தள்ளிக்கொண்டு போகலாம். விருந்தாளி வந்தால் சோபா பக்கம். வீடு மாறினாலும் கூடவே வரும். நான் மூன்று வருடமாக அப்படித்தான், ஒரு தொந்தரவும் இல்லை.

மரத்தூள்

மூன்று வயதுப் பிள்ளை இருக்கிற வீட்டில் கொதிக்கிற தண்ணீரைச் சக்கரத்தின் மேல் வைப்பதா? பிரேக் போட்டிருந்தாலும் பிள்ளை பிடித்துத் தொங்கினால் சாயும்.

சக்கரவண்டி

கெட்டிலைத் தரையோடு பொருத்தியா வைக்கப் போகிறார்? மேசையிலிருந்தும் பிள்ளை இழுக்கும். வயரைத் தொங்கவிடாமல் இருப்பதுதான் முக்கியம், கீழே சக்கரமா காலா என்பது இல்லை.

சாளரத்தோரம்

இரண்டு பேரும் சொல்வது புரிகிறது, ஆனால் டிராலி எங்கள் வீட்டுக்காரருக்குப் பிடிக்கவில்லை.

நேற்று சோதனை செய்து பார்த்தேன். பிளக்கைச் செருகியதும் கொஞ்சம் தலை குனிகிறது. அரைக் கெட்டில் கொதித்தபின் தொட்டால் சூடு, ஐந்து எண்ணுவதற்குள் கை எடுத்துவிட்டேன். பின்களில் ஒன்று லேசாகக் கறுத்திருக்கிறது.

இன்னொரு கூத்தும் நடந்தது. சோதனையின்போது மின்சாரம் போய்விட்டது, கெட்டில் ஆன் ஆகவே இருந்தது. உள்ளே இன்வெர்ட்டர் கீச்கீச்சென்று கத்தி மொத்தமாக நின்றுவிட்டது. ஃபேன், லைட் எல்லாம் போச்சு. அப்போதுதான் தெரிந்தது, ஹாலில் அந்தச் சாக்கெட் இன்வெர்ட்டர் லைனில் இருக்கிறது.

இதற்கு நடுவில் வயர் நீளத்தையும் அளந்தேன். கெட்டில் அடித்தட்டிலிருந்து பிளக் வரை 72 செமீதான். அலமாரியை ஒரு பக்கம் நகர்த்திச் சாக்கெட்டை வெளியே விட்டாலும், 30 செமீ உயரத்திலிருந்து 85 செமீ மேசைக்கு 55 செமீ போய்விடுகிறது, மிச்சம் 17. அடித்தட்டு மேசையின் விளிம்பிலேயே தொங்க வேண்டியதுதான்.

வேகநடை

அப்படியானால் உயரம் குறைந்த அலமாரி வாங்குங்கள். 60 செமீ உயரம் என்றால் 30 போக 42 மிச்சம் இருக்கும். இன்வெர்ட்டருக்காகக் கரண்ட் போனால் கெட்டிலைப் போடாமல் இருந்தால் சரி.

கைப்பிடிக்கோப்பை

60 செமீ என்பது மூன்று வயதுப் பிள்ளையின் நெஞ்சு உயரம். கை எங்கே இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

பித்தளைப்பின்

கெட்டில்காரர்கள் வயரைக் கட்டையாக வைப்பதே அது மேசை விளிம்பில் தொங்கக்கூடாது என்பதற்காகத்தான். வயரை நீட்டப் பார்க்காதீர்கள், சாக்கெட்டை மேலே கொண்டுவரப் பாருங்கள்.

பின் கறுத்துவிட்டது என்றால் அந்தச் சாக்கெட்டில் இனி 1000 வாட் கெட்டிலும் வேண்டாம். அதை மாற்றிவிட்டு செல்போன் சார்ஜருக்கு வைத்துக்கொள்ளுங்கள். அந்தப் பின் பட்ட கெட்டில் பிளக்கையும் மாற்ற வேண்டும். கறுத்த பின் புதுச் சாக்கெட்டையும் கெடுத்துவிடும்.

ஒரு கேள்வி: அந்த ஹாலில் ஏசி பாயின்ட் இருக்கிறதா? சுவரில் மேலே, ஆள் உயரத்துக்கு மேல், பெரிய சாக்கெட். ஏசி மாட்டாமல் சும்மா இருந்தால் சொல்லுங்கள்.

சாளரத்தோரம்

இருக்கிறது! அதே சுவரில், பால்கனிக் கதவுக்குப் பக்கத்தில், தரையிலிருந்து இரண்டு மீட்டர் உயரத்தில். ஏசி படுக்கையறையில் மட்டும்தான். ஹாலில் இது காலியாகக் கிடக்கிறது. அதிலிருந்து எக்ஸ்டென்ஷன் தொங்கவிடலாமா?

பித்தளைப்பின்

தொங்கவிட வேண்டாம், கேசிங் பட்டியில் கீழே இறக்குங்கள். ஏசி பாயின்ட்டுக்குப் பெரும்பாலும் எம்சிபிகள் இருக்கும் டிபி பாக்ஸிலிருந்து தனி லைன் வரும், நடுவில் வேறு எதுவும் தொங்காது. வயர் 2.5 அல்லது 4 ஸ்கொயர். இன்வெர்ட்டரில் இருக்காது. வாடகை வீட்டில் இதைவிட நல்ல வழி கிடையாது, வீட்டு உரிமையாளரிடம் சொல்லிவிட்டுச் செய்யுங்கள்.

எலக்ட்ரீஷியனிடம் இப்படிச் சொல்லுங்கள். ஏசி பெட்டியிலிருந்து வெள்ளை பிவிசி கேசிங் பட்டி, உள்ளே 2.5 ஸ்கொயர் செம்பு வயர் மூன்று, எர்த் உட்பட. மேசை மட்டத்துக்கு மேலே 25 செமீயில், அதாவது தரையிலிருந்து 110 செமீயில், சுவர்மேல் பெட்டி. அதில் சுவிட்சோடு 16 ஆம்பியர் சாக்கெட் ஒன்று. பெட்டி கெட்டிலுக்குப் பின்னால் வேண்டாம், பக்கவாட்டில். ஆவி முகத்தில் அடிக்கக்கூடாது. கெட்டிலின் மூக்கும் அந்தப் பெட்டியைப் பார்க்கக்கூடாது. பழைய ஏசி சாக்கெட்டை எடுத்துவிட்டு வெறும் மூடி போட்டுவிடட்டும், இல்லையென்றால் நாளைக்கு யாராவது அதிலும் எதையாவது செருகுவார்கள்.

டிபியில் அந்த லைனுக்கு 20 ஆம்பியர் எம்சிபி இருந்தால் 16-ஆக மாற்றச் சொல்லுங்கள். சாக்கெட்டே 16 ஆம்பியர்தானே.

எர்த்தைக் கண்டிப்பாகச் சோதிக்க வேண்டும். மூன்றாவது ஓட்டை இருக்கிறது என்பதால் அதன் பின்னால் வயர் இருக்கிறது என்று அர்த்தமில்லை. ஃபேசுக்கும் எர்த்துக்கும் நடுவில் சோதனை பல்பை வைத்துப் பார்ப்பார்கள், பல்பு பளிச்சென்று எரிய வேண்டும். ஆர்சிசிபி இருக்கும் வீட்டில் பல்பு எரிவதற்குள் அது விழுந்துவிடும், அப்படி விழுந்தால் எர்த் இருக்கிறது என்றுதான் அர்த்தம். இதை நீங்கள் செய்ய வேண்டாம், அவர் செய்யும்போது பக்கத்தில் நின்று பாருங்கள்.

வேகநடை

16 ஆம்பியர் லைன் வந்தபிறகு கெட்டில், காபி மெஷின் இரண்டுக்கும் இரண்டு சாக்கெட் போடலாமே? 1500-ம் 1450-ம் சேர்த்து 2950 வாட், 12.8 ஆம்பியர். கணக்கில் இடிக்கவில்லை.

பித்தளைப்பின்

கணக்கில் இடிக்காதுதான். தனி லைன், 2.5 ஸ்கொயர் வயர் என்றால் தாங்கும். ஆனாலும் நான் ஒன்றுதான் போடுவேன். இரண்டு போட்டால் ஆறு மாதத்தில் கெட்டில், மெஷின், டோஸ்டர், மூன்றாவதாக ஒரு மல்டி பிளக் என்று வந்து நிற்கும். இது என் பழக்கம், சட்டமில்லை.

வேகநடை

நான் இரண்டு போடச் சொல்வேன். ஒரே சாக்கெட்டில் தினமும் மாற்றி மாற்றிப் பிடுங்கிச் செருகினால் நீங்கள் சொன்ன அந்தப் பித்தளை இதழ்தானே சீக்கிரம் தளரும்?

பித்தளைப்பின்

அதுவும் நியாயம்தான். மெஷினைத் தினமும் பயன்படுத்துகிறவர் என்றால் இரண்டு, தனித்தனி சுவிட்ச்.

வெயிற்குடை

அலமாரி பின்னால் சாய்வாக இருந்தால் தண்ணீர் சிந்தினால் சுவர்ப்பக்கம் ஓடுமே? எங்கள் பான்ட்ரியில் அப்படித்தான் சுவரில் பெயின்ட் உரிந்தது.

மரத்தூள்

நல்ல கேள்வி. மேசையை வைத்தபின் நடுவில் ஒரு கரண்டித் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள், எந்தப் பக்கம் ஓடுகிறது என்று. தரை மட்டமில்லாத வீடுகளில் பின்பக்கம்தான் ஓடும். பின்காலுக்குக் கீழே அட்டையோ ரப்பர் துண்டோ கொடுத்துச் சரிசெய்யலாம். அதைவிட, கெட்டில், தண்ணீர் ஜாடி இரண்டையும் விளிம்பு உயர்ந்த ஒரு எவர்சில்வர் தட்டுக்குள் வைத்துவிடுங்கள். விளிம்பு இரண்டு செமீ இருந்தாலே ஒரு கப் சிந்தினாலும் தட்டோடு நிற்கும். துடைக்கவும் சுலபம்.

அலமாரி லேசானது என்றால் மேலே இருக்கிற சாமானைவிடக் கீழே கனம் வேண்டும். கனமான குடுவை, கூடுதல் கப்புகள் எல்லாம் அடித்தட்டில். ஒன்றரை லிட்டர் கெட்டில் நிறைந்தால் இரண்டரை கிலோ வரும். டிராயரை முழுக்க இழுத்துக்கொண்டு பிள்ளை அதில் தொங்கினால் லேசான அலமாரி முன்னால் கவிழும். முடிந்தால் மேல்பக்கம் ஒரு எல் கிளாம்ப் போட்டுச் சுவரோடு பிடியுங்கள். வாடகை வீட்டில் இரண்டு துளைக்கு யாரும் சண்டைக்கு வரமாட்டார்கள், போகும்போது பட்டி பார்த்து அடைத்துவிடலாம்.

சாளரத்தோரம்

எல்லாருக்கும் வணக்கம், இரண்டு வாரம் கழித்து வருகிறேன். வேலை முடிந்தது.

எலக்ட்ரீஷியன் வந்து முதலில் பழைய 6 ஆம்பியர் பெட்டியைத் திறந்தார். உள்ளே நியூட்ரல் வயரின் நுனி பழுப்பாகிக் கிடந்தது, மேலுறை தொட்டால் நொறுங்கியது. எர்த் ஓட்டைக்குப் பின்னால் வயரே இல்லை! எட்டு வருடம் பழைய வீடு, கட்டியவர் அப்படியே மூடிவிட்டுப் போயிருக்கிறார். எவர்சில்வர் கெட்டிலை இத்தனை நாள் அதில்தான் போட்டுக்கொண்டிருந்தேன் என்று நினைத்தால் இப்போதும் ஒரு மாதிரி இருக்கிறது.

ஏசி பெட்டியில் 4 ஸ்கொயர் வயரும் எர்த்தும் இருந்தன. சோதனை பல்பு வைத்ததும் ஆர்சிசிபி விழுந்தது, நான் பயந்துபோனேன், அவர் சிரித்துவிட்டு "விழணும்மா, விழுந்தாத்தான் நல்லது" என்றார். எம்சிபி 20 இருந்தது, 16-ஆக மாற்றினார். 90 செமீ கேசிங் பட்டி இறங்கி, 110 செமீ உயரத்தில் பெட்டி. வேகநடை ஜெயித்தார், இரண்டு சாக்கெட் போட்டோம், தனித்தனி சுவிட்சோடு. ஆனால் காபி மெஷின் இன்னும் சமையலறையில்தான். கண்ணாடிக் குடுவை காபி பழகிவிட்டது.

அலமாரி 85 செமீ உயரத்திலேயே வாங்கினேன். இடது பக்கம் எவர்சில்வர் தட்டு, அதில் கெட்டிலும் ஜாடியும். அதற்கு மேல் வெறும் சுவர். சாக்கெட் பெட்டி வலதுபக்கம் சற்றுத் தள்ளி. கெட்டிலின் வயர் மிச்சத்தை அடித்தட்டின் கீழே இருக்கும் பள்ளத்தில் சுற்றிவிட்டேன், முன்பக்கம் ஒரு இழை கூடத் தெரியாது. மேல் டிராயரில் தகர டப்பாக்கள், கீழே கப்புகள். டீத்தூள் சக்கை போட மூடி போட்ட சின்ன டப்பா ஒன்று வைத்தேன், தினமும் இரவு காலி செய்யாவிட்டால் எறும்பு வந்துவிடுகிறது, அதற்கு வழி இருந்தால் சொல்லுங்கள்.

இன்னொரு சந்தேகம். சிலநேரம் கெட்டில் கொதித்தபிறகும் அணையாமல் கொதித்துக்கொண்டே இருக்கிறது. புதுப் பாயின்ட்டில் ஏதாவது தப்பா?

பித்தளைப்பின்

பாயின்ட்டில் தப்பில்லை. மூடி சரியாக மூடியிருக்காது. ஆவி கெட்டிலுக்குள் ஒரு சின்ன வழியாக வந்து சுவிட்ச் பக்கம் இருக்கும் உலோகத் தகட்டைச் சூடாக்கினால்தான் அது துள்ளி அணைக்கும். மூடி திறந்திருந்தால் ஆவி மேலே போய்விடும், தகட்டுக்கு எட்டாது. மூடும்போது டக்கென்று சத்தம் வருகிறதா பாருங்கள். சத்தம் வந்தும் அணையவில்லை என்றால் கெட்டிலை மாற்றுங்கள்.

புதுச் சாக்கெட்டையும் ஒரு மாதம் கழித்து ஒருமுறை தொட்டுப் பாருங்கள். புது ஸ்க்ரூவுக்குக் கீழே செம்பு அமுங்கிக் கொஞ்சம் தளரும், எலக்ட்ரீஷியன் வேறு வேலைக்கு வரும்போது ஒரு திருப்பு இறுக்கச் சொல்லுங்கள்.

கைப்பிடிக்கோப்பை

எறும்புக்கு: சக்கை டப்பாவைத் தனியாக வைக்காமல் அந்த எவர்சில்வர் தட்டுக்குள்ளேயே வையுங்கள். தட்டை மட்டும் இரவில் துடைத்துவிடுங்கள். சர்க்கரை டப்பாவின் அடியையும் துடையுங்கள், எறும்பு முதலில் வருவது அங்கேதான்.

சக்கரவண்டி

டிராலியாக இருந்தால் அப்படியே சமையலறைக்குத் தள்ளிக்கொண்டு போய்த் துடைத்திருக்கலாம். சொன்னால் யார் கேட்கிறீர்கள்.